கரண்ட் பில்லின் பாவனை வரைபை வாசிப்பது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளுக்கான முழு வழிகாட்டி

மின் பட்டியலில் கட்ட வேண்டிய தொகையைப் பார்த்ததும் பெரும்பாலானோர் பில்லை மடித்து வைத்துவிடுவார்கள். வரிசையாக நிற்கும் மாதாந்தப் பாவனைத் தூண்களில்தான் வீட்டின் ஒரு வருடக் கதை இருக்கிறது. சிலருக்கு அந்த வரைபு இணையக் கணக்கிலோ கைபேசிச் செயலியிலோ கிடைக்கும். உங்கள் கையில் வரும் சீட்டில் அது இல்லாவிட்டாலும் கவலையில்லை. பழைய பில்கள் பன்னிரண்டு பதின்மூன்று இருந்தால், கோடு போட்ட கொப்பித் தாளில் பத்து நிமிடத்தில் கீறிவிடலாம்.

தூண்களை அப்படியே உயரம் பார்த்து ஒப்பிட்டால் அவை நம்மை ஏமாற்றும். எங்கே ஏமாற்றும், எப்படிச் சரிப்படுத்துவது என்பதை ஒரு வீட்டின் கணக்கை வைத்துப் பார்ப்போம். கல்லடியில் நான்கு பேர் உள்ள, ஏசி இல்லாத ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று சீலிங் பேன், ஒரு பிரிஜ், டிவி, ரைஸ் குக்கர், கிணற்றுக்கு அரைக் குதிரைவலு மோட்டர், அயன், எல்ஈடி பல்புகள். விளக்குவதற்காக அமைத்த கணக்குத்தான், ஆனால் இந்தப் பக்கத்து வீடுகளின் பாவனைக்கு ஒத்தது.

முதலில்: ரூபாயை விட்டு யூனிட்டைப் பிடியுங்கள்

மாதங்களை ரூபாயால் ஒப்பிட முடியாது. 2025 ஜனவரியில் மின்கட்டணம் சராசரியாக 20 சதவீதம் குறைந்தது. அதே வருடம் ஜூனில் சராசரியாக 15 சதவீதம் ஏறியது. மே பில்லையும் ஜூலை பில்லையும் ரூபாயில் பக்கத்தில் வைத்தால், வீட்டில் பேன் கூட ஓடியதா, கட்டணம் கூடியதா என்று பிரிக்கவே முடியாது. யூனிட் அப்படி மாறாது. அன்றும் இன்றும் ஒரு யூனிட் என்பது 1000 வாட் சாமான் ஒன்று ஒரு மணித்தியாலம் ஓடுவதுதான்.

வரைபின் இடப்பக்க அச்சையும் ஒரு தடவை பாருங்கள். அது சுழியத்தில் தொடங்காமல் 80இலோ 100இலோ தொடங்கினால், சின்ன வித்தியாசம்கூட மலையும் மடுவுமாகத் தெரியும். அச்சில் எண்ணே இல்லையென்றால் தூண்களை நம்பாமல் பில்லில் அச்சிட்ட யூனிட் எண்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: யூனிட்டை நாட்களால் வகுங்கள்

மீற்றர் பார்க்கிறவர் ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் வருவதில்லை. இடையில் விடுமுறை, வெள்ளம், பெருநாள் எல்லாம் வரும். அதனால் ஒரு பில் 27 நாளுக்கும் அடுத்தது 35 நாளுக்கும் அமையலாம். வரைபில் இரண்டும் ‘ஒரு மாதம்’ என்ற ஒரே அகலத் தூண்தான். ஆகவே ஒவ்வொரு பில்லிலும் முந்தைய வாசிப்புத் தேதியையும் இந்த வாசிப்புத் தேதியையும் பார்த்து நாட்களை எண்ணி, யூனிட்டை அதனால் வகுத்து, நாளொன்றுக்கு எத்தனை என்று எழுதுங்கள். நமது எடுத்துக்காட்டு வீட்டின் கணக்கு இது:

| பில் | வாசித்த நாள் | நாட்கள் | யூனிட் | நாளொன்றுக்கு |
|---|---|---|---|---|
| ஜனவரி 2025 | 9 | 30 | 105 | 3.5 |
| பெப்ரவரி | 8 | 30 | 102 | 3.4 |
| மார்ச் | 11 | 31 | 118 | 3.8 |
| ஏப்ரல் | 9 | 29 | 125 | 4.3 |
| மே | 14 | 35 | 171 | 4.9 |
| ஜூன் | 10 | 27 | 138 | 5.1 |
| ஜூலை | 10 | 30 | 156 | 5.2 |
| ஓகஸ்ட் | 9 | 30 | 153 | 5.1 |
| செப்டெம்பர் | 9 | 31 | 152 | 4.9 |
| ஒக்டோபர் | 9 | 30 | 138 | 4.6 |
| நவம்பர் | 8 | 30 | 126 | 4.2 |
| டிசம்பர் | 9 | 31 | 152 | 4.9 |
| ஜனவரி 2026 | 9 | 31 | 155 | 5.0 |

மேயையும் ஜூனையும் பாருங்கள். தூண்களில் 171 இருந்து 138க்கு ஒரே இறக்கம். ‘ஜூனில் நன்றாகச் சிக்கனம் பிடித்துவிட்டோம்’ என்று வீட்டில் சந்தோசப்படுவார்கள். கடைசி நிரலைப் பார்த்தால் 4.9 இருந்து 5.1க்கு ஏறியிருக்கிறது. மே பில் 35 நாளுக்கு, ஜூன் பில் 27 நாளுக்கு என்பதுதான் விசயம்.

இந்த இடத்தில் ஒரு பயத்தையும் தீர்த்துவிடலாம். ‘மீற்றர் பார்க்கிறவர் பிந்தி வந்ததால் கூடிய கட்டணப் படிக்குள் தள்ளப்பட்டோம்’ என்று பலர் கோபப்படுவதுண்டு. வீட்டுக் கட்டணத்தின் 60, 90, 120, 180 என்ற யூனிட் எல்லைகள் 30 நாளுக்கு உரியவை. பில்லின் நாட்கள் கூடினால் எல்லைகளும் அதே விகிதத்தில் விரியும். 35 நாள் பில்லில் 60 என்பது 70 ஆகும், 120 என்பது 140 ஆகும். பிந்திய வாசிப்பினால் மட்டும் படி தாண்டுவதில்லை. பில்லின் கணக்கு விபரத்தில் இந்த விரிந்த எல்லைகளைக் காணலாம்.

மூன்றாவது: தூணின் பெயர் எந்த நாட்களைச் சொல்கிறது?

‘ஏப்ரல்’ என்று பெயர் போட்ட தூண் மார்ச் 11 முதல் ஏப்ரல் 9 வரையான பாவனை. அதாவது பெரும்பாலும் மார்ச் மாதம். சித்திரை வருடப் பிறப்புக்கு வந்த விருந்தாளிகளும் பலகாரச் சூடும் ஏப்ரல் தூணில் இருக்காது, மே தூணில் இருக்கும். இதை விளங்காமல் தேடினால் காரணம் கிடைக்கவே கிடைக்காது. பட்டியலுக்குப் பக்கத்தில் பென்சிலால் ‘மார்ச் நடு – ஏப்ரல் நடு’ என்று குறித்துக்கொண்டால் போதும்.

நான்காவது: வாசிப்பு உண்மையானதா?

கேட் பூட்டியிருந்தாலோ நாய் அவிழ்ந்து நின்றாலோ மீற்றரைப் பார்க்க முடியாமல் சராசரி கணக்கில் பில் வரலாம். அந்த மாதத் தூண் முந்தைய மாதங்களைப் போலவே சமமாக நிற்கும். உண்மையான வாசிப்பு கிடைக்கும் அடுத்த மாதத்தில் விட்டுப்போன யூனிட்டுகள் சேர்ந்து தூண் திடீரென்று உயரும், அல்லது கூடப் போட்டிருந்தால் குட்டையாகும். ஆகவே ஒரு சமமான தூணுக்குப் பக்கத்தில் ஒரு விசித்திரமான தூண் நின்றால், இரண்டின் யூனிட்டையும் கூட்டி, இரண்டின் நாட்களையும் கூட்டி, ஒன்றாக வகுங்கள். வருகிற சராசரி இயல்பாக இருந்தால் வீட்டில் பிழையில்லை. பில் வந்த அன்றே மீற்றரைப் போய்ப் பார்ப்பதும் நல்ல பழக்கம். மீற்றரில் உள்ள எண் பில்லிலுள்ள தற்போதைய வாசிப்பைவிடக் குறைவாக இருந்தால் அந்த வாசிப்பு பிழை. பழைய தட்டு மீற்றரில் கடைசிச் சிவப்பு இலக்கம் தசமம், அதைச் சேர்த்து வாசித்துவிட்டுப் பதறாதீர்கள்.

ஐந்தாவது: நமது பருவத்தின் மேட்டைக் கண்டுபிடியுங்கள்

இப்போது நாளொன்றுக்கான எண்களை மட்டும் வைத்துப் புதிதாகத் தூண் கீறுங்கள். பெப்ரவரியில் 3.4 என்ற பள்ளம். அங்கிருந்து மெல்ல ஏறி ஜூலையில் 5.2. பிறகு மெல்ல இறங்கி நவம்பரில் 4.2. இதுதான் கிழக்கின் மேடு.

கொழும்புப் பக்கம் இந்த மேடு முந்திவிடும். அங்கே மார்ச், ஏப்ரலில் புழுங்கி, மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் சற்றுக் குளிரும். அதே காற்று மத்திய மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமில்லாமல் சூடாகி நமது பக்கம் இறங்குகிறது. அதுதான் நமது கச்சான். அதனால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மே முதல் ஓகஸ்ட் வரை பகல் 33 பாகையைத் தாண்டுவது சாதாரணம், செப்டெம்பரிலும் வெக்கை விடாது. ஒக்டோபர் கடைசியில் மாரி பிடித்தால்தான் இரவில் பேனின் வேகத்தைக் குறைப்போம். மார்கழி, தை மாதங்களில் பகல் 28 பாகை அளவுக்கு இறங்கிவிடும். ‘ஏப்ரல்தான் உச்சம், மேயிலிருந்து பில் குறைய வேண்டும்’ என்று கொழும்பை வைத்து எழுதிய ஆலோசனையைக் கொண்டு நமது வரைபைப் பார்த்தால், ஒழுங்கான வீடும் பிழையான வீடாகத் தெரியும்.

மேட்டின் உயரம் நியாயமானதா என்று பார்க்க வேண்டும். பள்ளத்துக்கும் உச்சிக்கும் வித்தியாசம் 1.8 யூனிட். சாதாரண சீலிங் பேன் ஒன்று ஏறக்குறைய 70 வாட். கோடையில் மூன்று பேனும் மாரியைவிட ஆறு மணித்தியாலம் கூட ஓடினால் 3 × 6 × 70 = 1260 வாட்-மணி, அதாவது 1.26 யூனிட். சூட்டில் பிரிஜ் கூட வேலை செய்வதற்கு 0.3 அளவில் வைக்கலாம். கிணற்றில் தண்ணீர் கீழே போவதாலும் குளியலும் மரத்துக்குத் தண்ணீர் விடுவதும் கூடுவதாலும் மோட்டர் கூட ஓடுவதற்கு 0.2. கூட்டினால் 1.8க்குக் கிட்ட வருகிறது. மேடு வீட்டுச் சாமான்களால் விளக்கப்பட்டுவிட்டது, கவலைப்பட ஒன்றுமில்லை. உங்கள் வீட்டில் பேன் கணக்கு 1 யூனிட் சொல்லும்போது மேடு 3 யூனிட் உயர்ந்திருந்தால், மிச்சத்துக்கு ஆளைத் தேட வேண்டும்.

காத்தான்குடி, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று போன்ற ஊர்களில் முஸ்லிம் வீடுகளின் வரைபுக்கு ஒரு தனிக் குறிப்பு. நோன்பு மாதத்தில் சஹருக்கு எழும்புவதால் விளக்கும் அடுப்படிச் சாமான்களும் நடுச்சாமத்திலிருந்து ஓடும். அந்த மாதத் தூண் ஏறும். ஆனால் ரமழான் பருவத்தோடு நிற்பதில்லை, வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முந்தி வரும். 2024இல் மார்ச் 12இலும் 2025இல் மார்ச் 2இலும் தொடங்கியது, 2026இல் பெப்ரவரியின் மூன்றாம் வாரம். ஆகவே போன வருட மார்ச்சையும் இந்த வருட மார்ச்சையும் அப்படியே ஒப்பிட்டால் ‘ஏன் குறைந்தது, ஏன் கூடியது’ என்ற கேள்வி வீணாக எழும். நோன்பு விழுந்த பில்லை நோன்பு விழுந்த பில்லோடுதான் ஒப்பிட வேண்டும். கண்ணகியம்மன் சடங்கு, கோயில் திருவிழா, கல்யாண வீடு எல்லாம் ஒரே ஒரு தூணை மட்டும் தூக்கும். அடுத்த மாதம் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

ஆறாவது: ஒரே உயரம், வேறு பொருள்

பட்டியலில் செப்டெம்பரும் டிசம்பரும் 152 யூனிட், இரண்டுமே 31 நாள். வரைபில் இரண்டும் அச்சொட்டாக ஒரே உயரம். ஜூலையின் 156ஐ விட இரண்டுமே குட்டை. பார்வைக்கு ஒன்றுமே உறுத்தாது.

ஆனால் செப்டெம்பர்த் தூண் கோடையின் மேட்டில் நிற்கிறது. டிசம்பர்த் தூண் பள்ளத்தில் நிற்க வேண்டியது. பேன் ஓய்ந்து, கிணறு நிறைந்து, மழைக் குளிரில் போர்வை தேடும் மாதத்தில் 4.9 யூனிட் எங்கே போகிறது? ஜனவரியை ஜனவரியோடு வைத்தால் விசயம் பளிச்சென்று தெரியும்: போன வருடம் 3.5, இந்த வருடம் 5.0. நாளொன்றுக்கு 1.5 யூனிட் கூட. பருவம் ஒன்று, ஆட்கள் அதே நால்வர், புதிய சாமான் எதுவும் வாங்கவில்லை. இது பருவத்தின் வேலை அல்ல.

வரைபின் வடிவத்தைக் கொண்டே இதைப் பிரித்தறியலாம். பருவம் ஏறினால் மூன்று நான்கு மாதமாகச் சரிவாக ஏறும். புதிய ஏசியோ பழுதான சாமானோ என்றால் படிக்கட்டு மாதிரி ஒரே மாதத்தில் ஏறி, ஏறிய இடத்திலேயே நிற்கும்.

எப்போது தொடங்கியது என்பதையும் ஓரளவு கணிக்கலாம். நவம்பர் பில் 4.2, போன ஜனவரி 3.5 என்பதால் டிசம்பர் பில் இயல்பாக 3.75 அளவில் இருந்திருக்க வேண்டும். 31 நாளுக்கு 116 யூனிட். வந்தது 152, கூடுதல் 36. நாளுக்கு 1.5 வீதம் கூடினால் 36 யூனிட்டுக்கு 24 நாள். டிசம்பர் 9இலிருந்து பின்னோக்கி 24 நாள் எண்ணினால் நவம்பர் நடுப்பகுதி. அந்தக் கிழமையில் வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள். பிரிஜ்ஜை இடம் மாற்றினோமா, மோட்டர் திருத்தினோமா, இடி விழுந்ததா, கூரை ஒழுகிச் சுவர் நனைந்ததா?

ஏழாவது: கூடுதலை வாட்டாக மாற்றி, மீற்றரில் பிடியுங்கள்

1.5 யூனிட் என்பது 1500 வாட்-மணி. 24ஆல் வகுத்தால் 62 வாட். இரவு பகலாக 62 வாட் எங்கோ ஓடுகிறது என்று பொருள் கொள்ளலாம். அல்லது அரைக் குதிரைவலு மோட்டர் தினமும் மூன்று மணித்தியாலம் வீணாக ஓடுகிறது என்றும் கொள்ளலாம். இந்த வீட்டில் மோட்டர் கையால் போட்டு நிறுத்துவது, மூன்று மணித்தியாலம் கூட ஓடினால் காதில் விழாமல் போகாது. ஆகவே சந்தேகம் எப்போதும் ஓடும் சாமான் மீது, அதாவது பிரிஜ் மீது விழுகிறது. ஏறக்குறைய 120 வாட் கம்பிரசர் பாதி நேரம் ஓடி பாதி நேரம் ஓய வேண்டியது. ஓயாமல் ஓடினால் சராசரி 60 வாட் கூடும். கணக்கு அப்படியே பொருந்துகிறது.

இனி மீற்றரிடம் கேட்கலாம். டிஜிட்டல் மீற்றரின் முகத்தில் ஒரு சிவப்பு விளக்கு மினுங்கும். பக்கத்தில் `1000 imp/kWh` அல்லது `1600 imp/kWh` என்பது போல் எழுதியிருக்கும். ஒரு யூனிட்டுக்கு அத்தனை தடவை மினுங்கும் என்பது அதன் பொருள். எல்லாவற்றையும் நிறுத்திப் பிளக்கைக் கழற்றி, பிரிஜ் மட்டும் ஓடவிட்டு, பத்து நிமிடம் மினுங்கலை எண்ணுங்கள்.

```
வாட் = (10 நிமிட மினுங்கல் × 6 × 1000) ÷ imp
```

1000 மீற்றரில் 20 மினுங்கல் என்றால் 120 வாட். 1600 மீற்றரில் அதே 120 வாட்டுக்கு 32 மினுங்கல். பிறகு கதவைத் திறக்காமல் ஒன்றிரண்டு மணித்தியாலம் அவ்வப்போது வந்து பாருங்கள். நல்ல பிரிஜ் என்றால் கட் ஆகும், மினுங்கல் ஏறக்குறைய நின்றுபோகும், பிறகு தொடங்கும். ஓயவே இல்லையென்றால் ஆள் அகப்பட்டுவிட்டது. கதவு இறப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடத்தால் குளிர் வெளியேறுகிறது. நாலு பக்கமும் இப்படிப் பார்க்க வேண்டும், மூலைகளில்தான் இறப்பர் முதலில் விடும். இறப்பர் நன்றாக இருந்தால் தெர்மோஸ்டாட், காஸ் குறைவு என்று திருத்துபவர் பார்க்க வேண்டிய காரணங்கள்.

பிரிஜ்ஜையும் கழற்றி, ட்ரிப் சுவிச் போட்டபடி இருக்கும்போது மினுங்கினால், வயரிங்கில் கசிவு இருக்கலாம். மாரியில் நனைந்த சுவரில் இது வருவதுண்டு. ட்ரிப் சுவிச் சரியாக இயங்கினால் பெரிய கசிவை அதுவே விழுத்தியிருக்கும். ஆகவே விழாமல் மினுங்குகிறது என்றால் ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்து, எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். மெயின் சுவிச்சையே நிறுத்திய பிறகும் மினுங்கினால் பிழை மீற்றரிலோ மீற்றருக்கும் மெயினுக்கும் இடையிலோ இருக்கிறது. அதில் கை வைக்காமல் உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் முறையிட வேண்டும்.

கூரையில் சோலர் பூட்டிய வீடுகளுக்கு இந்த முறையை அப்படியே பயன்படுத்த முடியாது. வலையமைப்பிலிருந்து எடுத்த யூனிட் வீட்டின் முழுப் பாவனை அல்ல, பகலில் பலகை தந்ததை வீடு நேரடியாக எடுத்துவிடும். அங்கே மேலேயுள்ள கணக்கை, சூரியன் இல்லாத இரவு வாசிப்புகளுக்கு மட்டும் வையுங்கள்.

திருத்திய பிறகு வரும் தூண்

இந்த வீட்டில் ஜனவரி 15ஆம் திகதி இறப்பரை மாற்றினார்கள் என்று வைப்போம். பெப்ரவரி 8இல் வாசித்த பில்லில் 30 நாள். அதில் முதல் 6 நாள் பழைய நிலை, 6 × 5.0 = 30. மிச்ச 24 நாள் இயல்பு நிலை, 24 × 3.5 = 84. மொத்தம் 114. போன பெப்ரவரி 102 என்பதால், தூணைப் பார்க்கிறவர் ‘காசு செலவழித்தும் சரிவரவில்லை’ என்று நினைப்பார். 114 வந்தால் இறப்பர் வேலை செய்கிறது. 150ஐ ஒட்டி வந்தால்தான் வேலை செய்யவில்லை. பழைய நாள் எதுவும் கலக்காத முதல் தூண் மார்ச் பில்லில் வரும். அதை நாட்களால் வகுத்து, போன மார்ச்சின் 3.8க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.